குறைவு முத்திரைத் தீர்வை நோட்டீஸ்: பதிவேட்டின் எந்த வரியிலிருந்து மதிப்பைப் போட்டார்கள் என்று முதலில் பாருங்கள்

சித்தப்பா கவரைப் பிரித்து மேசைமேல் போட்டுவிட்டு, "முழு விலையையும்தானேப்பா பத்திரத்துல எழுதினேன், ஒரு ரூபாய்கூட மறைக்கலையே" என்றார். கிரயம் பதிவாகி ஆறு வாரம் ஆகியிருந்தது. தனித் துணை ஆட்சியர் (முத்திரை) அலுவலகத்தின் தலைப்பில் வந்த தாளில் "இந்திய முத்திரைச் சட்டம் பிரிவு 47-ஏ" என்றும் "படிவம் 1" என்றும் இருந்தது. அதற்குக் கீழே அவர் கட்டியதைவிட ஒன்றரை லட்சம் கூடுதலாக ஒரு தொகை.

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் நோட்டீஸ் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. எவ்வளவு பணம் கைமாறியது என்பதை இந்த நோட்டீஸ் கேட்பதில்லை. அந்தச் சொத்து அன்றைய சந்தையில் எவ்வளவு பெறும் என்பதுதான் அதன் கேள்வி. சந்தை மதிப்பை அலுவலகம் ஊகிக்கும் முதல் இடம், தெருவாரியாகவும் சர்வே எண்வாரியாகவும் அரசு மதிப்பை எழுதி வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புப் பதிவேடு. அந்தப் பதிவேட்டில் உங்கள் சொத்துக்குப் பொருந்தும் வரியை விட்டுவிட்டு வேறு வரியை எடுத்திருக்கலாம். தமிழ்நாட்டில் நான் பார்த்த நோட்டீஸ்களில் பாதிக்கு மேல், பதிவேட்டின் எந்த வரி பொருந்தும் என்ற சண்டைதான். அதனால் இந்த வழிகாட்டியும் அதைச் சுற்றியே போகிறது.

முதலில்: இது எந்த நோட்டீஸ்?

எல்லாவற்றையும் பொதுவாகக் 'குறைவு முத்திரை நோட்டீஸ்' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் வந்த தாளில் உள்ள பிரிவு எண்தான் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும்.

47-ஏ (1) என்று இருந்தால், பத்திரத்தைப் பதிவு செய்த சார்பதிவாளர், மதிப்பு உண்மையாகக் காட்டப்படவில்லை என்று நம்பக் காரணம் இருப்பதாகச் சொல்லி, மதிப்பு நிர்ணயத்துக்கு மேலே அனுப்பியிருக்கிறார் என்று பொருள். 47-ஏ (3) என்று இருந்தால், சார்பதிவாளர் அனுப்பாமலேயே ஆட்சியர் தரப்பு தானாகக் கையில் எடுத்திருக்கிறது. பதிவான நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் அதை எடுக்கலாம். தணிக்கையில் யாருடைய கண்ணிலோ பட்டு, மூன்றாம் வருஷம் திடீரென்று நோட்டீஸ் வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த வகை. ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் அதையே முதல் ஆட்சேபணையாக வையுங்கள்.

இந்த இரண்டும் இல்லாமல், சார்பதிவாளரே "தணிக்கைக் குறிப்பின்படி இவ்வளவு குறைவு, கட்டவும்" என்று சாதாரணக் கடிதமும் அனுப்புவார். அதைப் பார்த்து ஓடிப்போய்க் கட்ட வேண்டாம். எந்தப் பிரிவின் கீழ், எந்தக் கணக்கின்படி என்று எழுத்தில் கேளுங்கள். பத்திரத்தின் வகையைத் தவறாகப் போட்டதால் வந்த குறைவா, மதிப்பு வித்தியாசமா என்பது அதில் தெளிவாகும். மதிப்பு வித்தியாசம் என்றால் தீர்மானிக்க வேண்டிய இடம் 47-ஏ.

ஒரு விஷயத்தில் பயம் வேண்டாம். பதிவு ஏற்கெனவே நடந்துவிட்டது, எண் விழுந்துவிட்டது. இந்த நோட்டீஸால் கிரயம் செல்லாமல் போவதில்லை. ஆனால் தீர்மானித்த தொகையைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் அது வட்டியோடு சொத்தின்மேல் கடன் சுமையாக நிற்கும். நாளை விற்கப் போகும்போது குறுக்கே வரும்.

கணக்கைத் திருப்பிப் போடுங்கள்

நோட்டீஸில் சில சமயம் மொத்தக் குறைவு மட்டும் இருக்கும், எந்த விகிதத்தில் வந்தது என்று இருக்காது. அதைப் பின்னோக்கிக் கணக்கிட்டுக் கண்டுபிடிக்கலாம். சித்தப்பாவின் மனையையே எடுத்துக்கொள்வோம்.

மனை 2,400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு. பத்திரத்தில் எழுதிய கிரயம் 26 லட்சம். கிரயத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம் (மாற்றத் தீர்வையும் சேர்த்து), பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரலிலிருந்து 2 சதவீதம். ஆக 1,82,000 தீர்வையும் 52,000 கட்டணமும் கட்டியிருந்தார்.

நோட்டீஸில் குறைவுத் தீர்வை 1,20,400 என்று இருந்தது. கட்டணத்தை விட்டுவிட்டுத் தீர்வையை மட்டும் பார்ப்போம். 1,82,000-ஐயும் இதையும் கூட்டினால் 3,02,400. இது 7 சதவீதம் என்றால் முழுத் தொகை 43,20,000. அதை 2,400-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 1,800 ரூபாய். ஆக, மறைந்திருந்த எண் இதுதான். கட்டணக் குறைவு 34,400 என்று இருந்ததும் இதே 43.2 லட்சத்தின் 2 சதவீதத்தோடு ஒத்துப்போனது. கட்டணமும் தீர்வையும் ஒரே மதிப்பைக் காட்டாவிட்டால் நோட்டீஸிலேயே கூட்டல் பிழை இருக்கிறது என்று பொருள். அதுவும் அபூர்வமில்லை.

1,800 எந்த வரியில் இருக்கிறது?

இப்போது tnreginet.gov.in தளத்தில் வழிகாட்டி மதிப்புப் பக்கத்தைத் திறங்கள். சார்பதிவாளர் அலுவலகம், கிராமம் தேர்ந்தெடுத்தால், ஒரே சொத்தைத் தெருப் பெயர் வைத்தும் தேடலாம், சர்வே எண் வைத்தும் தேடலாம். இந்த இரண்டு வழியும் ஒரே மதிப்பைக் காட்ட வேண்டும் என்பதில்லை. பிரச்சினை பெரும்பாலும் இங்கேதான் உருவாகிறது.

தெருவாரி மதிப்பு வீட்டுமனைப் பகுதிகளுக்கு, சதுர அடிக்கு அல்லது சதுர மீட்டருக்கு இருக்கும். சர்வே எண்வாரி மதிப்பில் நிலத்தின் வகையும் சேர்ந்திருக்கும், புஞ்சை, நஞ்சை என்று ஏக்கர் கணக்கிலும் இருக்கலாம். ஏக்கர் கணக்கில் உள்ள சர்வே எண்ணிலிருந்து ஐந்து சென்ட் பிரித்து வாங்கினால், "இது மனை" என்று பக்கத்துத் தெருவின் சதுர அடி மதிப்பை அலுவலகம் போடும். நீங்கள் புஞ்சை மதிப்பில் தீர்வை கட்டியிருந்தால் வித்தியாசம் பத்து மடங்குகூட வரும். இதில் வாதம் உங்கள் பக்கம் நிற்பது, வாங்கிய நாளில் நிலம் உண்மையிலேயே விவசாயமாக இருந்ததா என்பதைப் பொறுத்தது. அடங்கல், கணினிச் சிட்டா, அன்று எடுத்த படம் இதற்கு உதவும். பிற்பாடு அதில் கடையோ வீடோ வந்துவிட்டது என்பதற்காகக் கணக்கை மாற்றக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2012-இல் அம்பிரிஷ் டண்டன் வழக்கில் சொல்லியிருக்கிறது. அது உத்தரப் பிரதேச வழக்கு, ஆனால் தீர்ப்பின் கருத்து இங்கேயும் பொருந்துவதுதான்: சொத்தின் பயன்பாட்டை வாங்கிய தேதியில் பார்க்க வேண்டும்.

சித்தப்பாவுக்கு வந்தது வேறு சிக்கல். அவருடைய மனைக்கு வாசல் இருக்கும் குறுக்குத் தெருவுக்குப் பதிவேட்டில் 1,000 ரூபாய். அதனால் 24 லட்சம்தான் வழிகாட்டி மதிப்பு, நாம் எழுதியது 26 லட்சம், அதற்கும் மேலே என்று நிம்மதியாக இருந்தார். 1,800 எங்கிருந்து வந்தது? மனையின் வடக்கே ஓடும் பிரதான சாலையின் வரியில் இருந்தது. இரண்டு தெருவை ஒட்டிய மூலை மனை என்றால் கூடுதலான தெருவின் மதிப்பைத்தான் அலுவலகம் எடுக்கும். பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போட்ட சொத்து விவரத்திலேயே எழுதியிருந்தது: "வடக்கில் மெயின் ரோடு".

தாய்ப்பத்திரத்திலிருந்து அந்த வரியை ஆவண எழுத்தர் அப்படியே பார்த்து எழுதியிருந்தார். எல்லை எழுதும்போது 'அதே மாதிரி இருக்கட்டும், பிறகு பிரச்சினை வராது' என்பது அவர்களுடைய பழக்கம். இந்தத் தடவை பிரச்சினையே அதனால்தான் வந்தது.

பதிவேட்டின் எண் கடைசி வார்த்தை இல்லை

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். வழிகாட்டி மதிப்பு சட்டத்தின் ஆணை மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள், சில அலுவலர்களும் அப்படியே பேசுவார்கள். அது முதல் பார்வைக்கான அளவுகோல் மட்டும்தான். 1994-இல் ஜவாஜி நாக்நாதம் வழக்கில் உச்ச நீதிமன்றம் பொதுவாக இதையே சொன்னது. தமிழ்நாட்டில் எல்லாரும் கேள்விப்பட்ட டான்சி நில வழக்கிலும், 2003 தீர்ப்பில், வழிகாட்டி மதிப்பு இறுதியானதில்லை, உண்மைச் சந்தை மதிப்பைக் கண்டறிய ஒரு உதவி மட்டுமே என்ற நிலைப்பாடு தெளிவாக வந்தது.

ஆனால் இதை வைத்து "வழிகாட்டி மதிப்பே செல்லாது" என்று மனு எழுதிவிடாதீர்கள். அந்த எண் உங்கள் சொத்துக்கு ஏன் பொருந்தவில்லை என்று காட்டும் பொறுப்பு நடைமுறையில் உங்கள் தலையில்தான் விழும். தீர்ப்பை மட்டும் காட்டி ஆதாரம் காட்டாமல் போனவர்கள் பெரும்பாலும் முழுத் தொகையும் கட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

எந்தெந்த விஷயங்களைப் பார்த்து மதிப்பைத் தீர்மானிக்க வேண்டும் என்று 1968-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முத்திரை (ஆவணங்களைக் குறைத்து மதிப்பிடுவதைத் தடுத்தல்) விதிகள் சொல்கின்றன. வீட்டுமனை என்றால் அந்த வட்டாரத்தின் பொதுவான மனை விலை, சாலை, பேருந்து, கடைத்தெரு எவ்வளவு பக்கம், உள்ளாட்சியின் வரிப் பதிவுகள், அந்த மனைக்கே உரிய தனித்தன்மைகள் என்று வரிசை போகும். விவசாய நிலம் என்றால் பாசனம், விளைச்சல், மேடு பள்ளம், பக்கத்து நிலங்களின் விலை. கட்டடம் என்றால் பரப்பு, வயது, கட்டுமானப் பொருள், தேய்மானம். இந்த வரிசையில் உங்களுக்கு எது சாதகமோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உத்தரவு இவற்றில் எதையும் பேசாமல் "வழிகாட்டி மதிப்பு இவ்வளவு, ஆகவே" என்று முடிந்தால் அதுவே மேல்முறையீட்டுக்கு வலுவான காரணம்.

எந்த நாளின் மதிப்பு என்பதும் கவனிக்க வேண்டியது. பத்திரம் எழுதி நிறைவேற்றிய நாளின் சந்தை மதிப்பு என்பதுதான் 47-ஏ-யின் விளக்கம். 2024 ஜூலை 1-இல் பல இடங்களில் வழிகாட்டி மதிப்பு மாறியது. ஜூன் கடைசியில் கையெழுத்தான பத்திரத்துக்கு ஜூலை மதிப்பைப் போட்டிருந்தால் அதைத் தனியாக ஆட்சேபியுங்கள். தலைகீழாக, மூன்று வருஷத்துக்கு முந்தைய கிரய ஒப்பந்தத்தைக் காட்டி "அன்றைய விலை" என்று வாதாடுவது எடுபடாது.

21 நாள்

படிவம் 1 கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் பதிலும் ஆதாரமும் கொடுக்க வேண்டும். கவரை வைத்துக்கொள்ளுங்கள், அதில் உள்ள அஞ்சல் முத்திரைதான் கெடுவைக் காட்டும். தேவைப்பட்டால் முதல் வாரமே அவகாசம் கேட்டு ஒரு பக்க மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கிவிடுங்கள்.

அந்த நாள்களில் சித்தப்பாவோடு நான் அலைந்த வேலை மூன்று.

முதல் வேலை, புலப்படம். சர்வேயின் எஃப்.எம்.பி. வரைபட நகலை எடுத்தோம். அதில் மனையின் வடக்கு எல்லைக்கும் சாலைக்கும் நடுவே ஒரு ஒல்லியான துண்டு தனி உட்பிரிவு எண்ணோடு இருந்தது. புறம்போக்கு வாய்க்கால். தரையில் போய்ப் பார்த்தால் மூன்றடி அகலத்தில் கழிவுநீர் ஓடுகிறது, அதன்மேல் மூடியோ பாலமோ இல்லை. வடக்குப் பக்கம் பழைய மதில் சுவர், கதவே இல்லை. சாலை கண்ணுக்குத் தெரியும், ஆனால் அந்தப் பக்கமாகக் காலை வைக்க முடியாது. பட்டாவையும் புலப்படத்தையும் இணைத்து, அளவு நாடா தெரியும்படி படமெடுத்து வைத்தோம்.

இரண்டாவது வேலை, பக்கத்து விற்பனைகள். அதே குறுக்குத் தெருவில் நம் கிரயத்துக்கு முன்பின் ஓராண்டில் விற்ற மனைகளுக்கு வில்லங்கச் சான்று போட்டுத் தேடி, மூன்று பத்திரங்களின் சான்றிட்ட நகல்களை எடுத்தோம். சதுர அடி 1,020, 1,060, 1,140 என்று இருந்தன. இதில் ஒரு எச்சரிக்கை. எல்லாப் பத்திரமும் வழிகாட்டி மதிப்புக்கே எழுதப்பட்டிருந்தால் அலுவலர் "எல்லாரும் குறைத்தே எழுதியிருக்கிறார்கள்" என்று சொல்லிவிடுவார். வழிகாட்டி மதிப்புக்கு மேலே எழுதிய பத்திரங்கள், வங்கிக் கடனோடு வாங்கியவை நல்ல சாட்சி. நம் பக்கம் வங்கிக் கணக்கில் முழுத் தொகையும் போனதற்கான பட்டியலும் இருந்தது.

மூன்றாவது, முகவரி. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை இரண்டிலும் குறுக்குத் தெருவின் பெயர்தான். சின்ன விஷயம் என்று பார்க்கக் கூடாது. நகராட்சியே அந்த மனையைச் சாலையில் சேர்க்கவில்லை என்பதற்கு இது ஆதாரம்.

பதில் மனுவைச் சுருக்கமாக எழுதினோம். 1,800 என்பது சாலையை ஒட்டிய மனைகளுக்கான வரி, இந்த மனைக்குச் சாலையில் அணுகுவழி இல்லை என்பதை வரைபடம் காட்டுகிறது, ஆகவே குறுக்குத் தெருவின் வரியே பொருந்தும், நேரில் பார்வையிட வேண்டும் என்று. பத்திரத்தில் உள்ள 'வடக்கில் மெயின் ரோடு' பற்றி மறைக்காமல் எழுதினோம், தாய்ப்பத்திரத்தின் பழைய வாசகம் என்று அதன் நகலும் வைத்து. நாம் சொல்லாவிட்டால் அவர்கள் சொல்வார்கள், அப்போது நம் வாதத்தின் பலம் குறையும்.

நேரில் பார்வை, படிவம் 2, இறுதி உத்தரவு

இடத்தை அலுவலர் பார்வையிடலாம், ஆனால் கட்சிக்காரர்களுக்கு முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் என்பது விதி. யாருக்கும் தெரியாமல் வந்து பார்த்துவிட்டு எழுதிய அறிக்கையின்மேல் போட்ட உத்தரவுகளை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. முன்னறிவிப்பு வந்தால் கட்டாயம் போய் நில்லுங்கள். சித்தப்பா போனார். வாய்க்கால் எந்த உட்பிரிவு என்று வரைபடத்தை நீட்டிக் காட்டினார். வந்தவர் மதில் பக்கம் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பார்வைக்குப் பிறகு தற்காலிக மதிப்பைக் குறிப்பிட்டுப் படிவம் 2 வரும், அதற்கும் ஆட்சேபணை சொல்ல வாய்ப்புண்டு. பலர் படிவம் 1-க்குப் பதில் கொடுத்தோமே என்று இதை விட்டுவிடுகிறார்கள். படிவம் 2-இல்தான் அலுவலர் உங்கள் வாதத்தில் எதை ஏற்றார், எதைத் தள்ளினார் என்பது தெரியும். தள்ளியதற்கு மட்டும் குறிவைத்துப் பதில் எழுதுங்கள். படிவம் 2 கொடுக்காமலே இறுதி உத்தரவு போட்டால் அதுவும் மேல்முறையீட்டுக் காரணமே.

எங்களுக்கு இறுதி உத்தரவில் சதுர அடிக்கு 1,150 என்று வந்தது. சாலையை விட்டுவிட்டார்கள், ஆனால் மூலையின் வசதிக்காகக் கொஞ்சம் ஏற்றினார்கள். மதிப்பு 27,60,000. கூடுதல் 1,60,000-க்குத் தீர்வை 11,200, கட்டணம் 3,200, மொத்தம் 14,400 ரூபாய். 1,54,800 கேட்ட இடத்தில் இது. மேல்முறையீட்டுக்கு அலைவதைவிட இதைக் கட்டிவிடலாம் என்று கட்டிவிட்டார்.

'சரி, கட்டித் தொலைப்போம்' என்பதற்கு முன்

மொத்தத் தொகை சிறியது என்றால் கட்டிவிடுவதில் தப்பில்லை. ஆனால் இதில் வருமான வரியின் பக்கம் ஒன்று இருக்கிறது, பத்திர அலுவலகத்தில் யாரும் சொல்வதில்லை. முத்திரைக்காக ஏற்கப்பட்ட மதிப்பு, கொடுத்த விலையைவிட 10 சதவீதத்துக்கும் மேல் அதிகமாக இருந்து, வித்தியாசம் 50,000-ஐயும் தாண்டினால், அந்த வித்தியாசம் வாங்கியவரின் வருமானமாகவே சேர்க்கப்படும். விற்றவருக்கும் மூலதன ஆதாயம் அந்தக் கூடிய மதிப்பில் கணக்காகும். சித்தப்பா 43.2 லட்சத்தை ஒப்புக்கொண்டிருந்தால் 17.2 லட்சம் அவர் வருமானத்தில் ஏறியிருக்கும், ஒன்றரை லட்சம் தீர்வையோடு முடிந்திருக்காது. 27.6 லட்சம் என்பதால் 28.6 லட்சம் என்ற வரம்புக்குள் நின்றுவிட்டது. விற்றவரிடமும் நோட்டீஸ் வந்ததைச் சொல்லிவிடுங்கள், வழக்கில் அவரும் ஒரு தரப்பு.

உத்தரவு தவறு என்று படுகிறதா? தேதியிலிருந்து இரண்டு மாதத்துக்குள், பதிவுத்துறைத் தலைவரிடம் 47-ஏ (5)-இன் கீழ் மேல்முறையீடு. அவருடைய அலுவலகம் சென்னை சாந்தோமில். அதற்கு மேல் உயர் நீதிமன்றம், அதற்கும் இரண்டு மாதம். மேல்முறையீட்டில் புதிதாகக் கதை சொல்ல இடமில்லை, தனித் துணை ஆட்சியர் முன் வைத்த ஆதாரங்களின் நகல்தான் உங்கள் கையில் இருக்கும் ஆயுதம். ஒவ்வொன்றையும் பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கியிருக்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

சில சமயம் அரசு 'சமாதான்' என்ற பெயரில் நிலுவை வழக்குகளைக் குறைந்த தொகைக்கு முடிக்கும் திட்டம் அறிவிக்கும். நடந்துகொண்டிருந்தால் அந்தத் தொகையையும் வருமான வரிக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள்.

பணம் கட்டியதும் வேலை முடிந்துவிடவில்லை. ரசீதைக் கொடுத்து, பத்திரத்தில் தீர்வை செலுத்தப்பட்டதற்கான குறிப்பை எழுதி வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, அந்தச் சொத்தில் 47-ஏ நிலுவை என்ற பதிவு எதுவும் நிற்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். சித்தப்பா கூடவே இன்னொன்றும் செய்தார். விற்றவரைக் கூட்டிப்போய், நான்கு எல்லையில் 'மெயின் ரோடு' என்பதை 'வாய்க்கால், அதற்கு வடக்கில் மெயின் ரோடு' என்று திருத்திப் பிழைத்திருத்தல் பத்திரம் பதிவு செய்துகொண்டார். அடுத்து வாங்குகிறவரும் இதே கவரைப் பிரிக்க வேண்டாம் என்று.